புள்ளி தொலையாத படம்

மாணவர் அனுப்பிய கோப்பில் ஸ்பெக்ட்ரோமீட்டர் கோணம் 110042 என்று இருந்தது. ஒரு முழு வட்டத்துக்கே மொத்தம் 360 டிகிரிதான். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது: 110°42', அதாவது 110 டிகிரி 42 நிமிடம். டிகிரியைக் குறிக்க மேலே போட்ட குட்டி வட்டத்தைக் கைப்பேசி ஒரு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. நிமிடத்தைக் குறிக்கும் சிறு கோட்டை அது கண்டுகொள்ளவே இல்லை.

இப்படிப்பட்ட கோப்புகள் ஒரு வகுப்பிலிருந்து வரிசையாக வந்த பிறகுதான், கலைக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வக ஒருங்கிணைப்பாளர் மாணவர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். ஆய்வக வாசலில் உள்ள பலகையில் வழக்கமாக ஒட்டப்படுவது ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கடைசித் தேதி என்ன, எந்தப் பேட்ச்சுக்கு எந்த நாள் என்பது போன்ற சமாச்சாரங்கள்தான். இந்தக் கடிதமோ நோட்டை எப்படிப் படம் பிடிப்பது என்று சொன்னது.

அறிவியல் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியும். ஆய்வகத்தில் அளவீடுகளை அவ்வப்போது குறித்துக்கொள்வது அப்சர்வேஷன் நோட்டில். ஆசிரியர் அன்றைக்கே அதில் கையெழுத்துப் போடுவார். பிறகு வீட்டில் உட்கார்ந்து, வலப்பக்கம் மையாலும் இடப்பக்கம் பென்சில் படமுமாக ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி முடிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இப்போது மூன்றாவதாக ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. அப்சர்வேஷன் பக்கத்தைப் படம் பிடித்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து, தட்டச்சு வடிவில் பொதுக் கோப்புறையில் போட வேண்டும். ஆசிரியர் அதை வைத்துக் கணக்கீட்டைச் சரிபார்ப்பார். கையெழுத்தை எழுத்தாக மாற்றித் தரும் வசதி இன்று பெரும்பாலான கைப்பேசிகளிலேயே கிடைப்பதால், மாணவர்களும் இதைப் பெரிய வேலையாக நினைக்கவில்லை. நினைக்காததுதான் தொல்லை.

கடிதத்தின் முதல் பத்தியே விஷயத்தின் வேருக்குப் போகிறது. பிழைகள் வருவது எழுத்துகளில் அல்ல, புள்ளிகளில்தான் என்கிறார் ஒருங்கிணைப்பாளர். தசமப் புள்ளி, டிகிரி வட்டம், பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அடுக்கு எண், எதிர்மக் குறி. கட்டுரை நோட்டில் ஒரு புள்ளி போனால் வாசிப்பவர் தானே ஊகித்துக்கொள்வார். 0.3535 என்பதில் புள்ளி போனால் ஊகிக்க எதுவும் இல்லை, எண்ணே வேறாகிவிடுகிறது.

ஏன் புள்ளிகள் மட்டும் தொலைகின்றன? படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள்களில் பல, முதலில் பக்கத்தை மை எது, தாள் எது என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பிறகு தாளில் ஒட்டிய தூசி, அச்சில் வந்த துகள், கேமரா உண்டாக்கிய குறுணை எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுகின்றன. அந்தத் துடைப்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் அளவுதான். இவ்வளவுக்குக் கீழே இருந்தால் குப்பை. தசமப் புள்ளியும் குப்பையும் ஒரே அளவில் படத்தில் விழுந்தால் இரண்டும் ஒன்றாகவே வெளியே போகும். ஆகவே கடிதத்தில் உள்ள அறிவுரை அத்தனையும், புள்ளியைக் குப்பையைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும் காட்டுவதற்கான வழிகள்தான்.

பெரிதாக என்றால் எவ்வளவு? இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. ஹியூலட்-பேக்கர்டு நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டெஸராக்ட் என்ற எழுத்தறியும் மென்பொருளைப் பயன்படுத்துவோர், ஒரு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்ற கணக்கைச் சொல்லிச் சொல்லியே பழகியவர்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரம் 10 பிக்ஸலுக்குக் கீழே போனால் சரியான விடையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர்கள் அனுபவம். 8-க்கும் கீழே போனால் எழுத்தையே தூசி என்று துடைத்துவிடும். அது அச்செழுத்துக்கான கணக்கு. கையெழுத்துக்கு இதைவிடக் குறைவாகப் போதும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

இதைக் கைப்பேசிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 12 மெகாபிக்ஸல் கேமராவின் படத்தில் நீளவாட்டில் 4000 பிக்ஸல், அகலவாட்டில் 3000. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 11.7 அங்குலம். தாள் படம் முழுவதையும் நிரப்பினால் அங்குலத்துக்கு 340 பிக்ஸல் கிடைக்கிறது. 300-ஐத் தாண்டியாயிற்று, ஆனால் மயிரிழையில்தான். பால்பாயின்ட் பேனாவால் வைத்த புள்ளி அரை மில்லிமீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது ஆறேழு பிக்ஸல் அகலத்தில் விழுகிறது. தாராளம். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் எடுப்பது அப்படியா? மேசை தெரியும், பக்கத்தில் பேனாப் பெட்டி தெரியும், தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம் தெரியும், நடுவே நோட்டு விரிந்து இரண்டு பக்கமும் தெரியும். தாள் படத்தில் பாதி நீளத்தையே பிடிக்கிறது. புள்ளி உடனே மூன்று பிக்ஸலுக்கு இறங்கிவிடும்.

அதனால்தான் ஒரு படத்தில் ஒரே பக்கம் என்று கடிதம் கறாராகச் சொல்கிறது. கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே, ஒரு ஜாணுக்குச் சற்று அதிகமான உயரத்தில் பிடித்தால் சாதாரணக் கேமராவில் ஏ4 பக்கம் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுப் பொருந்தும். திரையில் 0.5x என்று காட்டும் அகலக் கேமராவைத் தொடக் கூடாது. அது நான்கு மூலைகளையும் இழுத்துவிடும், எழுத்தையும் சிறிதாக்கும்.

இவ்வளவும் செய்து நல்ல படம் எடுத்தவர்கள்கூட அடுத்த படியில் கோட்டை விட்டிருந்தார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அவர் அதைச் சேமித்து எழுத்தாக மாற்றியிருந்தார். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைப் பெரும்பாலும் நீளவாட்டில் 1600 பிக்ஸல் அளவுக்குச் சுருக்கிவிடும். தாள் முழுப் படத்தை நிரப்பியிருந்தாலும் புள்ளிக்கு இனி மூன்று பிக்ஸல் கிடையாது. அதோடு ஜேபெக் முறையில் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்ஸல் கட்டங்களாக வெட்டி அழுத்துவதால், அழுத்தம் கூடக்கூட அந்தப் புள்ளி சுற்றியுள்ள வெள்ளையோடு கரைந்து மங்கலாகிறது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கைப்பேசித் திரையில் இரண்டும் ஒரே படம்தான். டாக்குமென்டாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். கடிதத்தில் இந்த ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு இட்டிருந்தார் ஒருங்கிணைப்பாளர்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் கடிதம் கொஞ்சம் பாடம் நடத்துகிறது, நடத்த வேண்டியதும் இருக்கிறது. நோட்டைக் குழல்விளக்குக்கு நேர் கீழே வைத்துவிட்டு அதன் மேல் குனிந்து படம் எடுப்பவரின் தலையும் கையும் கைப்பேசியும் சேர்ந்து தாளின் பாதியில் நிழல் விரிக்கும். ஆய்வக உதவியாளர் ஒருவர், “தம்பி, லைட்ட மறைச்சுக்கிட்டு நின்னா எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டதற்கு, “எனக்குத் தெரியுதேண்ணே” என்று மாணவர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது உண்மைதான். மனிதக் கண் நிழலைக் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் பார்க்கப் பழகியது. மென்பொருளின் கதை வேறு.

1979-ல் ஜப்பானிய ஆய்வாளர் நொபுயுகி ஒட்சு, படத்தைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்க ஒரு முறையை வெளியிட்டார். இன்றும் பரவலாகப் புழங்குவது அது. படத்தில் உள்ள எல்லாப் பிக்ஸல்களின் வெளிச்சத்தையும் கணக்கெடுத்து, அவற்றை இரண்டு கூட்டங்களாகப் பிரிக்க எந்த எல்லைக்கோடு மிகப் பொருத்தமோ அதைத் தானே கண்டுபிடிக்கும். கோட்டுக்கு மேலே இருந்தால் தாள், கீழே இருந்தால் மை. வெளிச்சத்தை 0 முதல் 255 வரை அளப்பார்கள். சீரான வெளிச்சத்தில் தாள் 210, மை 60 என்று இருந்தால் கோடு நடுவில் எங்கோ விழும், பிரச்சினை இல்லை. பாதிப் பக்கத்தில் நிழல் விழுந்தால் அங்கே தாளே 100-க்கு இறங்கிவிடும், மை 30-க்குப் போய்விடும். இப்போது இரண்டு கூட்டங்கள் எவை? வெளிச்சத்தில் உள்ள தாள் ஒரு கூட்டம், மீதி எல்லாம் இன்னொரு கூட்டம். கோடு 150 அருகே விழ, நிழலில் இருந்த தாளும் மையும் சேர்ந்து ஒரே கறுப்புப் பட்டையாகிவிடும். அந்தப் பாதியில் எழுத்தே இல்லை என்று மென்பொருள் சொன்னால் அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

இன்றைய மென்பொருள்கள் பல, பக்கத்தைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எல்லைக்கோடு போடுகின்றன. மெல்லிய நிழலை அவை சமாளிக்கும். நிழலின் கூர்மையான விளிம்பு ஒரு எண்ணின் குறுக்கே ஓடினால் அவையும் திணறும். இதற்குக் கடிதம் சொல்லும் வழி எளிது: பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம், ஜன்னல் இடப்பக்கமோ எதிரிலோ இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வழவழப்பான தாளில் அது நடுவே ஒரு வெள்ளை வட்டத்தை உண்டாக்கி, அதற்குள் இருக்கும் எழுத்தை விழுங்கிவிடும். பென்சிலில் எழுதியிருந்தால் கிராஃபைட்டே பளபளத்து வெள்ளையாகத் தெரியும்.

கடிதத்தில் மாணவர்களை ஆச்சரியப்படுத்தியது கறுப்புத் தாள் பற்றிய குறிப்பு. மலிவான நோட்டில் பின்பக்கத்து மை முன்பக்கம் ஊடுருவித் தெரியும். மென்பொருளுக்கு அது மங்கலான இன்னொரு வரி. இதைத் தடுக்க, படம் எடுக்கும் தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு சார்ட் தாளைச் செருகச் சொல்கிறார் ஒருங்கிணைப்பாளர். வெள்ளைத் தாளை வைத்தால்தானே பளிச்சென்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. மெல்லிய தாளின் வழியே வெளிச்சம் அடியில் இறங்குகிறது. அடியில் வெள்ளை இருந்தால் அது திரும்பி மேலே வருகிறது. வரும் வழியில் பின்பக்கத்து மை அதைத் தடுக்குமிடங்கள் மட்டும் இருட்டாகத் தெரிகின்றன, அதுதான் நமக்குத் தெரியும் ஊடுருவல். அடியில் கறுப்பு இருந்தால் இறங்கிய வெளிச்சம் எங்குமே திரும்பாது. மை உள்ள இடமும் இல்லாத இடமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தாள் மொத்தமாகக் கொஞ்சம் சாம்பல் பூக்கும், அது ஒரு குற்றமில்லை. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்கிறவர்களுக்கு இது பழகிய உத்தி.

தைத்த நோட்டின் நடுமடிப்பு இன்னொரு எதிரி. மடிப்பை நோக்கித் தாள் வளைவதால் வரிகளும் வளைகின்றன. மென்பொருள் பக்கத்தை வரி வரியாக வெட்டும்போது வளைந்த வரியின் முனை அடுத்த வரியோடு ஒட்டிக்கொள்கிறது. நோட்டின் எந்தப் பாதி தாழ்ந்திருக்கிறதோ அதன் அடியில் இன்னொரு நோட்டைக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டு, மடிப்போரத்தை ஒரு அடிக்குச்சியால் அழுத்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். குவியத்துக்கு எழுத்தின் மேல் விரலால் ஒரு தட்டு, நடுக்கத்துக்கு மூன்று விநாடி டைமர். எடுத்த பிறகு ஜூம் செய்து, அந்தப் பக்கத்திலேயே மிகச் சிறிய புள்ளி தனியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அப்போதே மறுபடி எடுப்பது, எழுத்தாக மாற்றிவிட்டுத் தலையைச் சொறிவதைவிடச் சுலபம்.

இத்தனைக்குப் பிறகும் பிழை வரும். அதைக் கண்டுபிடிக்கக் கடிதம் எடுத்துக்கொண்ட உதாரணம் சோடியம் விளக்கும் கிரேட்டிங்கும் வைத்துச் செய்யும் சோதனை. இளநிலை இயற்பியல் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் ஒளி கிரேட்டிங்கில் பட்டு இரண்டு பக்கமும் விலகும். இடப்பக்கம் ஒரு அளவீடு, வலப்பக்கம் ஒரு அளவீடு, இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் விலகு கோணம். ஸ்பெக்ட்ரோமீட்டரில் எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் உண்டு. நோட்டில் இருந்தது இது: முதல் வெர்னியரில் இடம் 110°42', வலம் 69°18'. இரண்டாவதில் இடம் 290°43', வலம் 249°19'. இரண்டிலுமே வித்தியாசம் 41°24', ஆகவே கோணம் 20°42'. அதன் சைன் மதிப்பு 0.3535. கிரேட்டிங்கில் மீட்டருக்கு 6 × 10⁵ கோடுகள். சைனைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அலைநீளம் சுமார் 5.89 × 10⁻⁷ மீட்டர், அதாவது 5890 ஆங்ஸ்ட்ராம். புத்தகத்தில் உள்ள 5893-க்கு மிக நெருக்கம்.

தட்டச்சில் வந்தபோது 110042 என்ற பிழை சிரிக்க வைத்ததோடு சரி, யார் கண்ணிலும் தப்பாது. அடுத்த பிழையில் 6 × 10⁵ என்பது 6 × 105 ஆகியிருந்தது. மேலே ஏறியிருந்த 5 கீழே இறங்கிவிட்டது. அதை அப்படியே கணக்கில் போட்டால் 0.3535-ஐ 630-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.00056 மீட்டர், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் மேல். தெருவிளக்கின் மஞ்சள் ஒளிக்கு அளவுகோலால் அளக்கக்கூடிய அலைநீளம்! கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கிறவருக்கு இதுவும் தப்பாது.

மோசமானது மூன்றாவது. 69°18' என்பதில் 8-இன் இடப்பக்க வளைவுகள் படத்தில் மங்கி, 69°13' என்று வந்திருந்தது. வித்தியாசம் 41°29', கோணம் இருபது டிகிரி நாற்பத்துநாலரை நிமிடம், அலைநீளம் ஏறத்தாழ 5903 ஆங்ஸ்ட்ராம். மாணவர் செய்த சோதனைக்கு இது நல்ல விடைதான். எக்ஸ்டர்னலாக வருபவரும் தயங்காமல் கையெழுத்துப் போடுவார். இதை விடை காட்டிக்கொடுக்காது, இரண்டாவது வெர்னியர்தான் காட்டிக்கொடுக்கும். எதிரெதிரே உள்ள வெர்னியர்கள் 180 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். இடப்பக்க அளவீடுகள் 180°1' தள்ளியிருக்கின்றன. வலப்பக்கமோ 180°6'. ஒரே கருவியில் ஒரு பக்கம் ஒரு நிமிடமும் மறுபக்கம் ஆறு நிமிடமும் எப்படி வரும்? நோட்டைத் திறந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். இந்தப் பரிசோதனையைக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயமாக்கிவிட்டது.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. அங்கேயும் தொலைவது புள்ளிதான். மெய்யெழுத்தின் புள்ளி மங்கினால் “அலைநீளம்” “அலைநீளம” ஆகிவிடும். அது பரவாயில்லை, படிப்பவருக்குப் புரியும். துணைக்காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றுபோலவே இருப்பது பெரிய தலைவலி. “பாகை” என்று எழுதியது “பரகை” என்று வரும். ரகரத்தின் கீழ்க்கோட்டை நன்றாக இழுத்து எழுதச் சொல்கிறார் ஒருங்கிணைப்பாளர். அச்சுக்கோக்கும் காலத்தில் பிழை திருத்துவோர் புலம்பிய அதே விஷயம்.

எதைப் படம் பிடிக்கவே கூடாது என்றும் கடிதம் சொல்கிறது, இதுதான் அதன் மிக நேர்மையான பகுதி. வரைபடத் தாளைப் படமாகவே இணைத்துவிடலாம். பின்னமும் வர்க்கமூலமும் அடுக்கும் கலந்த சூத்திரங்களைக் கையால் தட்டச்சு செய்வதே மேல். அளவீட்டு அட்டவணையும் அப்படித்தான். மென்பொருள் நெடுக்காகப் படிக்க வேண்டியதைக் குறுக்காகப் படித்து எண்களைக் கலைத்துப் போட்டுவிட்டால், அதைப் பிரித்து அடுக்கும் நேரத்தில் பன்னிரண்டு அளவீடுகளைத் தட்டச்சு செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். படமும் மென்பொருளும் உதவுவது நோக்கம், செய்முறை, முடிவு என்று வாக்கியமாக ஓடும் பகுதிகளுக்குத்தான். சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட டிக் குறியும் கையெழுத்தும் எண்களின் மேல் விழுந்திருந்தால் அந்த எண்களையும் கையாலேயே சேர்க்க வேண்டும். இதைப் படித்த ஆசிரியர்கள் சிலர் இப்போது ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறார்களாம்.

கடைசியாகச் சரிபார்க்கும் முறை. ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். வாசிப்பவர் “பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து மூன்று ஐந்து” என்று புள்ளியையும் சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டும். கோப்போடு மூலப் படத்தையும் இணைத்து, செய்முறைத் தேர்வு முடியும்வரை கைப்பேசியிலிருந்து அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே ஆய்வக ஜன்னலோரம் ஒரு மேசை காலியானது. அதன் பக்கத்து ஆணியில் ஒரு கறுப்பு சார்ட் தாளும், நூலில் கட்டிய அடிக்குச்சியும் தொங்குகின்றன. “மேடம், மேகம் மூடியிருந்தா என்ன பண்றது?” என்று கேட்டார் ஒரு முதலாமாண்டு மாணவி. மேகமூட்டம்தான் இருப்பதிலேயே நல்ல வெளிச்சம், நிழலே விழாது என்று பதில் வந்தது. மழை நாட்களில் அந்த மேசைக்கு இப்போது வரிசை நிற்கிறது.